தலை சாய்கிறதா, கேமரா சாய்கிறதா? பேட்டிங் ஸ்டான்ஸ் வீடியோவில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

பாபநாசம் பக்கம், சம்பா அறுத்து உளுந்து தெளிக்காமல் விட்ட ஒரு வயல்தான் எங்கள் மைதானம். தை கடைசியில் கதிர் அறுத்த தாளைச் செதுக்கி, நீளமாகத் தேங்காய் நார் மேட்டிங்கை விரித்தால் பிட்ச் தயார். ஜூன் மாதம் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் வரைக்கும் ஓட்டலாம். கோச் சொல்லித் தருவார், நான் போனில் படம் பிடித்து வெட்டி ஒட்டித் தருவேன். ஒரு டிரில்லுக்கு ஒரு வீடியோ, அதிகம் போனால் ஒன்றேகால் நிமிடம். பையன்கள் வீட்டில் பார்த்துவிட்டு மறுநாள் வருவார்கள்.

இந்த வேலையில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை வீடியோவில் பையனின் தவறாகத் தெரிந்தவை. அதனால் கீழே உள்ளதை, திரையில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் வலதுகை பேட்ஸ்மேனுக்கு. இடதுகை ஆட்டக்காரர் என்றால் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

திரையில்: தலை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போய்விடுகிறது

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். காரணம், இதை நம்பி ஒரு பையனை இரண்டு வாரம் கெடுத்திருக்கிறோம்.

பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். நேர்க்கோணத்தில், அதாவது பந்து வீசும் முனையிலிருந்து எடுத்த வீடியோவில், அவன் தலை ஆஃப் ஸ்டம்பையும் தாண்டி நின்றது. கோச் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, தலை விழுது, உள்ள வா" என்று ஒவ்வொரு பந்துக்கும் சொன்னார். பையனும் வந்தான். இரண்டாவது வாரம் அவன் உடம்பு லெக் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்தெல்லாம் மட்டையைத் தொடாமலே போனது. வீடியோவில் மட்டும் தலை இப்போது அழகாக நடு ஸ்டம்புக்கு நேராக இருந்தது.

என்ன நடந்தது என்றால், கோச் இடதுகைக்காரர். ஸ்டம்பிலிருந்து 8 மீட்டர் தள்ளி நின்று பந்து எறிவார். அவர் கைவீச்சில் இடிக்கக்கூடாது என்று போனை அவருக்கு வலப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி வைத்திருந்தேன். பேட்ஸ்மேனைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் என்பது வலதுகை ஆட்டக்காரரின் லெக் பக்கம். அங்கே இருந்து பார்த்தால் எதிரே நிற்பவன் தலை, பின்னால் உள்ள ஸ்டம்பை ஒப்பிட, ஆஃப் பக்கம் நகர்ந்ததுபோல்தான் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைத் தூரத்துத் தென்னை மரத்துக்கு நேராகப் பிடித்துவிட்டுத் தலையை வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். விரல் மரத்துக்கு இடப்பக்கம் ஓடும். அதேதான் இது.

எவ்வளவு நகரும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். பாப்பிங் கிரீஸ் ஸ்டம்பிலிருந்து 4 அடி, அதாவது 1.2 மீட்டர் முன்னால் இருக்கிறது. தலையும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும்.

```
தெரியும் நகர்வு = கேமரா விலகல் × 1.2 ÷ (ஸ்டம்ப் தூரம் − 1.2)
8 மீட்டரில்:  1 × 1.2 ÷ 6.8  = 0.18 மீட்டர்
20 மீட்டரில்: 1 × 1.2 ÷ 18.8 = 0.06 மீட்டர்
```

மூன்று ஸ்டம்பும் சேர்ந்த அகலம் 9 அங்குலம். நடுவிலிருந்து ஆஃப் ஸ்டம்பின் வெளி ஓரம் வரை 11 சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆக, தலை நடு ஸ்டம்புக்கு நேராகவே இருந்தாலும் எங்கள் வீடியோவில் அது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே 6 சென்டிமீட்டர் தள்ளித் தெரிந்திருக்கும். பையன் முதல் நாளே சரியாகத்தான் நின்றிருக்கிறான்.

சரிசெய்வது சுலபம். இரண்டு முனை நடு ஸ்டம்புகளையும் சேர்த்து ஒரு சணல் கயிறு கட்டி இழுங்கள். போன் அந்தக் கயிற்றின் மேலேயோ, பந்து வீசும் முனை ஸ்டம்புக்குப் பின்னால் அதே கோட்டின் நீட்சியிலோ இருக்க வேண்டும். முனைக்கே போய்விட்டால் சோதனையும் கையிலேயே இருக்கிறது. கிட்டத்து நடு ஸ்டம்ப் தூரத்து நடு ஸ்டம்பை மறைக்க வேண்டும். மறைத்ததும் கிட்டத்து ஸ்டம்புகளைப் பிடுங்கிவிட்டு, 2x வைத்துப் படம் எடுங்கள். 8 மீட்டரில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் கோச்சின் முதுகுக்குப் பின்னால் ஒரு மூங்கிலை ஊன்றி, போனை அவர் தலைக்கு மேலே, ஆனால் அதே கோட்டில் கட்டுங்கள். மேலே ஏறுவதால் இட வலக் கணக்கு கெடாது. முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை மட்டும் அந்த உயரத்திலிருந்து தீர்மானிக்கக்கூடாது, மேலிருந்து பார்த்தால் கால் குட்டையாகத் தெரியும்.

கோடு சரியாக இருந்தும் தலை ஒரு பக்கம் தெரிகிறது என்றால் போன் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். வெறும் 3 டிகிரி சாய்வு போதும், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள தலை 8 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். ஸ்டம்பை வைத்து நேர் பார்க்கலாமே என்று தோன்றும். களிமண் வயலில், அதுவும் ஓரம் இளகியிருந்தால், ஸ்டம்ப் நேராக நிற்கும் என்று நான் நம்புவதில்லை. கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய தூக்குக்குண்டு ஒன்று என் பையில் இருக்கிறது. ஸ்டம்புக்கு மேலே ஒரு குச்சியில் தொங்கவிட்டு 5 வினாடி எடுத்துக்கொள்வேன். நூல் ஆடாமல் நிற்கும்போது அது திரையின் ஓரத்துக்கு இணையாக ஓடினால் சரி. காற்று வீசும் நாளில் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கிவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். கொத்தனார்களே சொல்லித் தந்த வித்தை.

இதெல்லாம் பார்த்த பிறகும் தலை வெளியே நின்றால், அப்போது அது பையனுடையது.

திரையில்: பக்கக் கோணத்தில் எடை குதிகாலில் இருக்கிறதா என்று தெரியவில்லை

தெரியாது. தெரியவும் செய்யாது. இது கேமராக் கோளாறு இல்லை, கோணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது.

பேட்ஸ்மேன் பக்கவாட்டில் நிற்கிறான், அவன் நெஞ்சும் பாத நுனியும் ஆஃப் பக்கம் பார்க்கின்றன. அதனால் நாம் பக்கக் கோணம் என்று சொல்வது உண்மையில் அவன் நெஞ்சை நேராகப் பார்க்கும் கோணம். நேர்க்கோணம் என்று சொல்வதுதான் அவனைப் பக்கவாட்டில் காட்டும். உடம்பு குதிகால் பக்கம் சாய்கிறதா, முழங்கால் மடங்கியிருக்கிறதா, கண் இரண்டும் ஒரே மட்டமா என்பதெல்லாம் நேர்க்கோணத்தில் கிடைக்கும். பாயிண்ட் திசையில் வைத்த போனில் கிடைப்பது வேறு: இரண்டு பாதங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, தலை அந்த இடைவெளிக்கு நடுவில் இருக்கிறதா அல்லது பின்காலின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறதா, தோள் மட்டம், மட்டை எப்போது மேலே போகிறது. மட்டை முதல் ஸ்லிப் பக்கம் போகிறதா நேராகப் போகிறதா என்று பார்க்க, கீப்பர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு போன் வேண்டும். ஸ்டான்ஸ் வீடியோவுக்கு அது கட்டாயம் இல்லை, நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

பாயிண்ட் போனை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. பாப்பிங் கிரீஸ் சுண்ணாம்புக் கோடு திரையில் உங்களை நோக்கி நேராக, மேலிருந்து கீழாக வர வேண்டும். கோடு சாய்வாக ஓடினால் போன் கிரீஸுக்கு நேராக இல்லை. 30 டிகிரி முன்னால் போய்விட்டால் 40 சென்டிமீட்டர் கால் இடைவெளி 35 ஆகத் தெரியும், "காலை அகட்டு" என்று வீணாகக் கத்துவோம். உயரம் பையனின் இடுப்பளவு. எங்கள் வயலில் வரப்பின் மேல் நான்கு செங்கல் அடுக்கினால் அந்த அளவு வந்துவிடுகிறது. தூரம் 5, 6 மீட்டராவது இருக்கட்டும். இடம் பத்தவில்லை என்று 0.5x போடாதீர்கள், ஓரத்தில் உள்ளதை அது இழுத்து நீட்டிவிடும், பின்கால் யானைக்கால் மாதிரி வரும்.

வலைக்கு வெளியே இருந்து எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. போன் பையனை விட்டுவிட்டு வலைக் கயிற்றின் மேல் ஃபோகஸ் செய்துகொள்ளும். லென்ஸை வலையின் கண்ணுக்குள் ஒட்ட வைத்து, திரையில் பையனின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று மேலே தெரியும், மற்ற போன்களில் ஒரு பூட்டுப் படம் வரும். அப்புறம் நகராது.

திரையில்: வலதுகைப் பையன் இடதுகைக்காரனாகிவிட்டான்

செல்ஃபி கேமராவில் எடுத்திருக்கிறீர்கள். சில போன்கள் அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பியே சேமிக்கும். நேர்க்கோணத்தில் வலதுகை ஆட்டக்காரரின் நெஞ்சு திரையின் இடப்பக்கம் பார்க்க வேண்டும். சட்டையில் உள்ள எண்ணைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். எடிட்டரில் ஒருமுறை திருப்பினால் முடிந்தது.

திரையில்: ஸ்லோ மோஷன் தத்தித் தத்திப் போகிறது, அல்லது மட்டை புகையாகத் தெரிகிறது

இவை இரண்டு வேறு நோய்கள், மருந்தும் வேறு.

தத்துவது படம் போதாததால். சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படம். அதை எடிட்டரில் நான்கு மடங்கு மெதுவாக்கினால் வினாடிக்கு ஏழெட்டுப் படம்தான் மிஞ்சும். எறிபந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், 30 படக் கணக்கில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பந்து அரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கையை விட்டுப் போகும் நொடியே சிக்காது. 120 படத்தில் அது 14 சென்டிமீட்டர். ஸ்டான்ஸுக்கு 120 போதும், நான்கு மடங்கு மெதுவாக ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். 240 போட்டால் எட்டு மடங்கு. ஆனால் தலை அசைவதைப் பார்க்க அவ்வளவு மெது வேண்டாம், பார்ப்பவர்கள் நடுவில் கைபேசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

புகை வருவது ஷட்டர் மெதுவாக இருப்பதால். மட்டையின் நுனி வினாடிக்கு 20 மீட்டர் போகிறது என்று கொள்வோம். ஷட்டர் 1/120 என்றால் ஒரே படத்துக்குள் அது 17 சென்டிமீட்டர் இழுபடும். 1/1000 என்றால் 2 சென்டிமீட்டர். போன் தானாக 1/1000 போக வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். காலை எட்டு மணி வெயில், தென்னந்தோப்பு நிழலுக்கு வெளியே, சூரியன் கேமராவுக்குப் பின்னால் என்று இருந்தால் எந்த அமைப்பையும் தொடாமலே சரியாக வரும். தோப்புக்குள் எடுத்தால் ஓலை நிழல் பையனின் மேல் ஆடும், படமும் புகையும். மார்கழி, தையில் விடியற்காலை எடுப்பவர்கள் முதலில் லென்ஸைத் துடையுங்கள். நான் ஒருநாள் முழுவதும் புகை புகை என்று அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தேன், கடைசியில் அது பனி.

ராத்திரி விளக்கில் எடுத்த ஸ்லோ மோஷனில் வெளிச்சம் துடித்தால், அது கரண்ட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாதது 120, 240 படத்தில் தெரிந்துவிடும். ஷட்டரை 1/100 ஆக்கினால் துடிப்பு போகும், ஆனால் 120 படம் எடுக்கும்போது ஒரு படத்துக்கு அவ்வளவு நேரமே கிடையாது. ஆகவே அந்த விளக்கின் கீழ் ஸ்லோ மோஷன் எடுக்க வழி இல்லை. நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. விளக்கு துடிக்காது. 5 வினாடி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். துடித்தால் பகலில் வாருங்கள்.

காதில்: கோச் "இதோ பாருங்க" என்கிறார், பார்க்க வேண்டியது போய்விட்டது

குரல்தான் எங்களுக்குக் கடைசி வரை தகராறு. கோச் வீடியோவைப் பார்த்துக்கொண்டே பேசினால், கண்ணில் பட்ட பிறகுதான் வாய் திறக்கும். அதற்குள் பந்து வந்து போயிருக்கும். இரண்டாவது, அவருக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே ரீப்ளேயில் கொட்டுவார். பத்து வினாடியில் தலை, முழங்கால், பிடி, தோள். பையனுக்கு ஒன்றும் நிற்காது.

நான் கண்ட அளவு, நிதானமாகப் பேசினால் தமிழில் வினாடிக்கு இரண்டு சொல். பத்து வினாடி ரீப்ளேயில் இருபது சொல் அடங்கும், பன்னிரண்டோடு நிறுத்துவது நல்லது. எதைப் பார்க்க வேண்டும் என்பதை முந்தைய காட்சியிலேயே சொல்லிவிட வேண்டும். அது நடக்கும் நேரத்தில் குரல் கூடாது. அந்தப் பையனுக்காகத் திரும்ப எடுத்த வீடியோவின் ஸ்கிரிப்ட் இது. டிரில் என்னவென்றால் கோச் டென்னிஸ் பந்தை எறிவார், சில தடவை எறிவதுபோல் கையைச் சுற்றி எறியாமல் "இரு" என்பார். பையன் அப்படியே உறைய வேண்டும்.

0:00–0:06. நேர்க்கோணம், நிஜ வேகம். பையன் கார்டு எடுத்து நிற்கிறான். குரல் இல்லை, மட்டை தட்டும் சத்தம் மட்டும்.

0:06–0:16. பாயிண்ட் கோணம், நிஜ வேகம். கோச் எறிகிறார், பையன் தடுக்கிறான். குரல்: "மட்டையைப் பாக்காதீங்க. பந்து கையை விடுற வரைக்கும் தலை எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க."

0:16–0:26. அதே பந்து, பாயிண்ட் கோணம், நான்கு மடங்கு மெதுவாக. குரல் இல்லை.

0:26–0:32. பந்து கையை விடும் படத்தில் நிறுத்தம். இரண்டு பாதத்துக்கு நடுவிலிருந்து மேலே ஒரு கோடு. குரல்: "தலை நடுவுல இருக்கு. ரெண்டு காலும் சமமா தாங்குது."

0:32–0:44. நேர்க்கோணம், நிஜ வேகம், "இரு" பந்து. குரல், தொடக்கத்திலேயே: "இப்ப நடு ஸ்டம்பையும் மூக்கையும் பாருங்க." கோச்சின் "இரு" களத்துச் சத்தத்தோடு வரட்டும்.

0:44–0:56. அதே, மெதுவாக, கடைசி 4 வினாடி நிறுத்தம். குரல், நிறுத்தத்தில் மட்டும்: "மூக்கு பாதத்து நுனிக்கு மேல நிக்குது. குதிகால்ல உக்காரல."

0:56–1:10. பாயிண்ட் கோணம், நிஜ வேகம், தொடர்ந்து மூன்று பந்து. குரல்: "பத்து பந்து போடுங்க. அதுல மூணு பந்துக்கு 'இரு' சொல்லுங்க. எப்போன்னு அவனுக்குத் தெரியக்கூடாது."

நிறுத்தப் படத்தைப் பந்து கையை விடும் கணத்தில் வைப்பதில் ஒரு சிக்கல் வரும், பாயிண்ட் போனில் கோச்சின் கை தெரியாது. அதற்கு இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் பந்தை மட்டையில் ஒருமுறை ஓங்கித் தட்டச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தை வைத்து இரண்டு வீடியோவையும் எடிட்டரில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்திவிடலாம். குரலில் இடது, வலது என்ற சொற்களையும் எடுத்துவிட்டோம். முன்கால், பின்கால், மேல்கை, கீழ்கை என்றால் எந்தக் கைக்காரருக்கும் பொருந்தும்.

காதில்: குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல்

மாசியில் பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம், கோடை முற்றினால் காற்று. களத்தில் பிடித்த குரலை அப்படியே போட நினைக்காதீர்கள். குரலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்ல ஸ்டூடியோ கோச்சின் வீட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறை. சாக்கும் நெல்லும் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் "ப" ஒலியில் காற்று அடிக்காது. ஸ்லோ மோஷன் காட்சியோடு இழுபட்டு வரும் பழைய சத்தத்தை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், எங்கள் முதல் வீடியோவில் கோச்சின் "இரு" மாடு கத்துவதுபோல் இருந்தது.

வீடியோ நன்றாக இருந்தது, பையன் வீட்டில் பார்த்தால் மங்கல்

வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பியிருப்பீர்கள், அது சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போகும். மெதுவாக்கும் வேலையை நீங்களே முடித்துவிட்டு அனுப்புங்கள். 120 படக் கோப்பை அப்படியே கொடுத்தால் சில போன்களில் அது சாதாரண வேகத்தில் ஓடும், பையன் "ஸ்லோ மோஷன் எங்கண்ணே?" என்று கேட்பான்.